‘முடியல’ என்ற சொல்லிலிருந்து கருப்பொருள் வரை

“அம்மா என்னைய யாருன்னு கேக்குறாங்க. முதல்ல அழுகையா வந்துச்சு. இப்பல்லாம் ‘உங்க மகதாம்மா’ன்னு சொல்லிட்டு சோறு ஊட்டிருவேன். ராத்திரி பூரா முழிச்சிருப்பாங்க, நானும் முழிச்சிருப்பேன். எங்க வீட்டுக்காரர் வேலை விட்டு வந்து ‘பகல்ல தூங்குனியா’ன்னு கேப்பாரு. பக்கத்து வீட்டுல கேட்டா, அம்மாவுக்கு உடம்புக்கு முடியலைன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன். அவங்களுக்கும் முடியல, எனக்கும் முடியல.”

இன்றைய உரை முழுவதும் இந்த ஒரு பத்தியைச் சுற்றியே நகரும். உரைக்கென்று அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு இது. உண்மையான எவருடைய பேச்சும் அல்ல. உளவியல் முதுகலை படிக்கும் ஒரு மாணவி, மதுரையில் டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்த பெற்றோரையோ மாமனார் மாமியாரையோ கவனித்துக்கொள்ளும் 8 பெண்களை நேர்காணல் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேர் மகள்கள், மூன்று பேர் மருமகள்கள். ஒவ்வொருவரிடமும் ஏறத்தாழ 50 நிமிடப் பேச்சு. ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க ஆறேழு மணி நேரம் பிடிக்கும் என்பதால், கேட்டு எழுதி முடிக்கவே அவருக்கு 45 மணி நேரம் போயிருக்கும். இப்போது மேசையில் நூறு பக்கத்துக்கு மேல் தாள்கள் கிடக்கின்றன. கைடு சொன்னது ஒரே வரி: ‘தீமாட்டிக் அனாலிசிஸ் பண்ணிடுங்க.’

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு கட்டுரை இருக்கிறது. 2006இல் நியூசிலாந்தின் வர்ஜீனியா பிரௌனும் இங்கிலாந்தின் விக்டோரியா கிளார்க்கும் உளவியலில் கருப்பொருள் பகுப்பாய்வு செய்வது எப்படி என்று எழுதிய கட்டுரை அது. ஆய்வேடுகளில் இன்று பார்க்கும் ஆறு கட்டங்கள் அங்கிருந்து வந்தவை: தரவோடு பழகுதல், குறியிடுதல், கருப்பொருள்களை அமைத்தல், அவற்றைச் சரிபார்த்தல், வரையறுத்துப் பெயரிடுதல், எழுதுதல். இந்த ஆறையும் மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் இரண்டாவது கட்டத்தில் நடக்கும் ஒரு சிறு பிழை ஐந்தாவது கட்டம்வரை கூடவே வந்து ஆய்வேட்டைத் தட்டையாக்கிவிடுகிறது. அந்தப் பிழையைப் பின்தொடர்வதுதான் இந்த உரையின் வேலை.

மாணவி முதல் நாள் அந்தப் பத்தியின் ஓரத்தில் என்ன எழுதினார்? ‘மறதி’, ‘அழுகை’, ‘தூக்கமின்மை’, ‘கணவர்’, ‘அக்கம்பக்கம்’. ஐந்து குறியீடுகள், ஐந்தும் ஒற்றைச் சொற்கள். எழுதும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது, பத்தி கண்ணெதிரே இருந்ததால். பத்தியைக் கையால் மூடிவிட்டுக் குறியீட்டை மட்டும் படித்துப் பார்த்தால் தெரியும். ‘கணவர்’ என்றால் கணவர் உதவினாரா, திட்டினாரா, வெளியூரில் இருக்கிறாரா? தலைப்பு இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்லப்பட்டது இல்லை. எட்டு நேர்காணல்களிலும் ‘கணவர்’ என்று 31 இடங்களில் குறித்து வைத்திருந்தால், ஒரு மாதம் கழித்து அந்த 31 இடங்களையும் திரும்பப் படித்தாக வேண்டும். குறியீடு எந்த வேலையையும் மிச்சப்படுத்தவில்லை.

கையால் மூடிப் பார்க்கும் இந்தச் சோதனையில் தேறும் குறியீடுகள் கொஞ்சம் நீளமானவை. ‘அடையாளம் தெரியாத அம்மாவிடம் மகள் என்று அறிமுகம் செய்துகொள்வது அன்றாடப் பழக்கமாகிவிட்டது’ என்பது ஒன்று. ‘இரவு உழைப்பு, பகல் ஓய்வு என்று கணவரால் கணக்கிடப்படுகிறது’ என்பது இன்னொன்று. ‘நோயின் பெயரைச் சொல்லாமல் உடம்புக்கு முடியலை என்று மூடிவைத்தல்’ மூன்றாவது. குறியீடு இரண்டு சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்று யாரோ சொன்னதாக மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. அப்படியொரு விதி கிடையாது. குறியீடு வாக்கியமாக இருப்பதில் தவறே இல்லை. அது என்ன சொல்கிறது என்பதுதான் கணக்கு.

இங்கே தமிழில் நேர்காணல் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி உண்டு. ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட வேண்டும் என்பதால், பலர் எழுத்துப்படியை முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அந்த மொழிபெயர்ப்பின் மேல் குறியிடுகிறார்கள். நேரம் மிச்சமாவதுபோலத் தோன்றும். இழப்பு எவ்வளவு என்று பார்க்க அந்தப் பத்தியின் கடைசி வரி போதும்: “அவங்களுக்கும் முடியல, எனக்கும் முடியல.” முதல் ‘முடியல’ நோய். இரண்டாவது? தானும் நோயாளியாகிவிட்டேன் என்கிறாரா, இனி என்னால் ஆகாது என்கிறாரா? தமிழில் அந்தச் சொல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நோயை மறைக்கச் சொன்ன அதே சொல்லால், அடுத்த நொடியில் அவர் தன் இயலாமையைச் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் இரண்டில் ஒரு பொருளைத் தேர்ந்தாக வேண்டும். தேர்ந்த கணமே பாதிப் பொருள் போய்விடுகிறது. பிறகு எந்தக் குறியீடும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

‘வச்சுப் பாக்குறேன்’ என்பதும் அப்படித்தான். கவனித்துக்கொள்கிறேன் என்று மட்டும் அதற்குப் பொருளல்ல. தன் வீட்டில் இருத்திக்கொண்டு கவனிக்கிறேன் என்பது. வீடு யாருடையது என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே தமிழ்ப்பேச்சைத் தமிழிலேயே குறியிட்டு, கருப்பொருள்கள் உறுதியான பிறகு மேற்கோள் காட்டப்போகும் பகுதிகளை மட்டும் மொழிபெயர்ப்பது நல்லது. ‘முடியல’ போன்ற சொல் வந்தால் அதை ஒலிபெயர்த்து வைத்துவிட்டு, அதன் இரு பொருளையும் ஆய்வேட்டில் விளக்கலாம். விளக்கத்துக்கு நாலு வரி செலவாகும், அவ்வளவுதான்.

குறியீட்டில் இரண்டு ஆழம் உண்டு. பேசியவர் வெளிப்படையாகச் சொன்னதைப் பிடிப்பது ஒன்று. சொன்னதற்கு அடியில் இருக்கும் எண்ணத்தைப் பிடிப்பது மற்றொன்று. ‘பகல்ல தூங்குனியா’ என்பதைக் ‘கணவர் பகல் தூக்கம் பற்றிக் கேட்கிறார்’ என்று குறித்தால் முதல் வகை. ‘பராமரிப்பு ஒரு வேலையாகவே எண்ணப்படவில்லை’ என்று குறித்தால் இரண்டாம் வகை. இரண்டும் செல்லும். ஆனால் ‘கணவரின் ஆதிக்கம்’ என்று குறித்தால் தரவைத் தாண்டிப் போயாயிற்று. அந்தக் கேள்வி அக்கறையாகவும் கேட்கப்பட்டிருக்கலாம். அந்தப் பெண் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளே சாட்சி. ஆழமாகப் படிக்க நினைக்கும் மாணவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஆய்வாளர் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்த ஒரு கோட்பாட்டின் பெயர், பேசியவர் வாயில் திணிக்கப்பட்டுவிடுகிறது.

எட்டுப் பேரையும் ஒருமுறை குறியிட்டு முடித்தபோது மாணவியிடம் 140 குறியீடுகள் இருந்தன. உடனே அவற்றைத் தொகுக்க உட்காராமல், அவர் எட்டாவது நேர்காணலில் தொடங்கிப் பின்னோக்கி இரண்டாம் சுற்றுக்குப் போனார். வரிசையை மாற்றியதற்குக் காரணம் உண்டு. முதல் நேர்காணலைப் படித்தபோது அவருக்கு ஒன்றும் தெரியாது. எட்டாவதைப் படிக்கும்போது ஏழு பேரின் கதை மனத்தில் இருந்தது. ஒரே வரிசையில் இருமுறை போனால் முதல் நேர்காணல் எப்போதும் அரைக்கண்ணோடு படித்ததாகவே நின்றுவிடும்.

இரண்டாம் சுற்றில் அவர் கண்டுபிடித்த ஒன்று தரவைவிட அவரைப் பற்றியது. மூன்றாவது நேர்காணலில் ஒரு பெண், “சில நேரம் ராத்திரி ரெண்டு மணிக்குக் கையை ஓங்கிருவேன், அப்புறம் நானே அழுவேன்” என்று சொல்லியிருந்தார். அந்த வரிக்கு முதல் சுற்றில் எந்தக் குறியீடும் இல்லை. முன்னும் பின்னும் ‘பாசம்’, ‘பொறுமை’ என்று குறிப்புகள் நெருக்கமாக இருக்க, நடுவில் அந்த வரி மட்டும் வெள்ளையாக இருந்தது. மாணவியின் பாட்டிக்கும் மறதி நோய் இருந்தது; அவரைப் பார்த்துக்கொண்டவர் மாணவியின் அம்மா. தன் ஆய்வுக் குறிப்பேட்டைப் புரட்டியபோது, அந்த நேர்காணல் நாளன்று ‘அம்மா நினைவு வந்தது’ என்று மட்டும் எழுதியிருந்ததைப் பார்த்தார். கை ஓங்கிய வரியை அவர் மறக்கவில்லை. பார்க்க மனமில்லாமல் கடந்திருக்கிறார்.

பிரௌனும் கிளார்க்கும் 2019இல் தங்கள் முறைக்குத் ‘தற்சிந்தனைக் கருப்பொருள் பகுப்பாய்வு’ என்ற பொருள்படும் பெயரைச் சூட்டியது இதற்காகத்தான். ஆய்வாளரின் வாழ்க்கை பகுப்பாய்வுக்குள் வரத்தான் செய்யும். வரவில்லை என்று சாதிப்பதற்குப் பதிலாக, எங்கே வந்தது, எதை மறைத்தது, எதைக் காட்டியது என்று எழுதச் சொல்கிறார்கள். ‘ஆய்வாளர் நடுநிலையோடு செயல்பட்டார்’ என்று ஆய்வேட்டில் எழுதும் ஒரு வரியைவிட, அந்த வெள்ளை வரியைப் பற்றி எழுதும் அரைப் பக்கம் நம்பகமானது.

இனிக் கருப்பொருள். 140 குறியீடுகளும் திருத்தத்தில் 90 ஆயின. அவற்றைத் துண்டுச் சீட்டுகளில் எழுதித் தரையில் பரப்பி, மாணவி நான்கு குவியலாக்கினார்: ‘பராமரிப்பின் சிரமங்கள்’, ‘குடும்ப ஆதரவு’, ‘சமூகத்தின் பார்வை’, ‘எதிர்காலம் குறித்த எண்ணங்கள்’. பார்க்க ஒழுங்காக இருந்தது. நேர்காணலுக்கு அவர் எடுத்துப்போன வினாப்பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது முகம் சுருங்கியது. அதே நான்கு தலைப்புகள், அதே வரிசை. ஒரு பெண்ணைக்கூடச் சந்திக்காமலே எழுதியிருக்கக்கூடிய முடிவுகள்.

முதல் நாள் குறியீடுகளில் இருந்த பிழை வளர்ந்து வந்து நிற்பது இங்கேதான். ஒற்றைச் சொல் குறியீடுகள் ஒரே தலைப்பைச் சேர்ந்தவற்றை ஒன்றாக்கும். ஒரே பொருளைச் சொல்பவற்றை ஒன்றாக்காது. ‘குடும்ப ஆதரவு’ என்ற குவியலைப் பிரித்துப் பார்த்தால் தெரிகிறது. ஒருத்தியின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறார். இன்னொருத்தியின் கணவர் தினமும் மாமியாரைக் குளிப்பாட்டுகிறார். மூன்றாமவருக்கு யாருமே இல்லை. இந்த மூன்றையும் இணைப்பது எது? குடும்பம் என்ற சொல் மட்டும். அது ஒரு கூடை. எதையும் போடலாம், எதுவும் விளங்காது. கருப்பொருள் என்றால் நடுவில் ஓர் எண்ணம் இருக்க வேண்டும். அந்த எண்ணமே பல குறியீடுகளைத் தன்னிடம் இழுக்க வேண்டும். ‘குடும்ப ஆதரவைப் பற்றி என்ன சொல்ல வருகிறீர்கள்?’ என்று கேட்டால் ஒரு வாக்கியத்தில் பதில் வராதது கூடை.

எனவே மாணவி சீட்டுகளைக் கலைத்துவிட்டு, எது எதோடு பேசுகிறது என்று பார்க்கத் தொடங்கினார். ‘பகல்ல தூங்குனியா’ என்ற கணவரின் கேள்விக்குப் பக்கத்தில், ‘நான்தான் பணம் அனுப்புறேன்ல’ என்ற அண்ணனின் வாக்கு வந்து உட்கார்ந்தது. அதன் அருகில் இன்னொரு பெண் சொன்னது: மருத்துவரிடம் அவர்தான் மூன்று வருடமாக அழைத்துப்போகிறார், ஆனாலும் முக்கியமான விஷயம் பேச வேண்டியிருந்தால் ‘மகன் வரலையா?’ என்று கேட்கிறார்கள். நள்ளிரவில் ஓங்கிய கையும் இங்கே சேர்ந்தது, ஏனென்றால் அந்தப் பெண் தொடர்ந்து சொல்லியிருந்தார்: “அதையும் யாரும் பாக்கல, விடிய விடிய முழிச்சதையும் யாரும் பாக்கல.” இவை எல்லாம் உழைப்பு கண்ணில் படாமல் போவதைச் சொல்கின்றன. நல்ல தொடக்கம், ஆனால் பராமரிப்பாளர்கள் பற்றி யாரும் எதிர்பார்க்கக்கூடியதும்கூட.

பிறகுதான் ‘சமூகத்தின் பார்வை’ கூடையிலிருந்த சீட்டுகள் இதனோடு பொருந்துவது தெரிந்தது. எட்டில் ஏழு பேர் நோயின் பெயரை ஏதோ ஒரு வகையில் மறைத்திருந்தார்கள். வயசாயிருச்சு, உடம்புக்கு முடியல, சுகர் என்று வெளியே சொல்லி வைத்திருந்தார்கள். வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரம், ‘புத்தி சரியில்லாத குடும்பம்’ என்று பேர் வந்துவிடும் என்ற பயம் இருவருக்கு. அம்மாவின் மரியாதை போய்விடக் கூடாது என்பது வேறு சிலருக்கு. ஆனால் வெறும் ‘வயசாயிருச்சு’ என்று வெளியே சொல்லிவிட்ட பிறகு, இரவெல்லாம் விழித்திருந்ததை எப்படிச் சொல்வது? வயதான எல்லா அம்மாக்களுக்கும் அப்படி விழிக்க வேண்டியதில்லையே. நோயை மறைக்கப் போர்த்திய போர்வை அவர்கள் உழைப்பையும் சேர்த்து மூடிவிட்டது. மூடியதும் அவர்கள் கையே. இரண்டு தனித்தனிக் கூடைகளில் கிடந்தவை இப்போது ஒரு வாக்கியமாயின: பெயரை மறைக்க, உழைப்பும் மறைகிறது.

எட்டாவது பெண்? அவர் எதையும் மறைக்கவில்லை. தெருவில் எல்லோரிடமும் அம்மாவுக்கு மறதி நோய் என்று சொல்லிவிட்டார். எழுதி முடிக்க வேண்டிய அவசரத்தில் இப்படிப்பட்ட ஒருவரை விதிவிலக்கு என்று அடிக்குறிப்பில் தள்ளிவிடும் ஆசை வரும். மாணவி அவர் நேர்காணலை முழுதாகத் திரும்பப் படித்தார். அம்மா ஒருநாள் வீட்டை விட்டு வெளியேறியபோது டீக்கடைக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டிருக்கிறார். எதிர் வீட்டுப் பெண், ‘நீ கொஞ்சம் தூங்கு, நான் உக்காந்திருக்கேன்’ என்று இரண்டு மணி நேரம் வந்து இருந்திருக்கிறார். பெயர் சொல்லப்பட்ட வீட்டில் உழைப்பும் தெரிந்தது. ஏழு பேர் சொன்னதை இவர் உடைக்கவில்லை; எந்த மூட்டில் அது வளைகிறது என்று காட்டினார். நான்காம் கட்டமான சரிபார்ப்பு இதுதான். கருப்பொருளை முதலில் அதன்கீழ் வந்த மேற்கோள்களோடும், பிறகு முழுத் தரவோடும் வைத்து உரசிப் பார்ப்பது.

‘வச்சுப் பாக்குறேன்’ இரண்டாவது கருப்பொருளானது. மகள்கள் ஐவரும் வெவ்வேறு சொற்களில் ஒன்றைச் சொல்லியிருந்தார்கள்: ‘அவர் விட்டதே பெருசு’, ‘மாமியார் ஒண்ணும் சொல்லல’. அம்மாவை வைத்துப் பார்ப்பது கணவர் வீட்டில்; அதற்கு ஓர் அனுமதி தேவைப்பட்டிருக்கிறது. மருமகள்கள் மூவரில் ஒருவர்கூட அனுமதி பற்றிப் பேசவில்லை. அவர்களுக்கு அது கேட்டுப் பெற்ற சலுகையல்ல, கேட்காமல் வந்த கடமை. ஒரே வேலை, ஒரே நோய். வீடு மாறும்போது வேலையின் பொருளே மாறுகிறது.

மூன்றாவதாக ஒன்று இருந்தது, ‘கடவுள் விட்ட வழி’. மாணவிக்கு அதன்மேல் மிகுந்த பற்று. இரண்டு பெண்கள் கண்கலங்கச் சொன்ன அழகான மேற்கோள்கள் அதில் இருந்தன. ஆனால் வரையறை எழுத உட்கார்ந்தபோது மூன்றாவது வரிக்கு மேல் ஓடவில்லை. எண்ணிக்கை குறைவு என்பதற்காகக் கருப்பொருளை விட வேண்டியதில்லை. ஒருவர் சொன்னதும் முக்கியமாக இருக்கலாம். இங்கே குறை வேறு: அந்த மேற்கோள்கள் ஆறுதலைச் சொல்லின, பராமரிப்பு எப்படி வாழப்படுகிறது என்ற ஆய்வுக்கேள்வியை நகர்த்தவில்லை. அதை அவர் விட்டுவிட்டார். விட்டதையும் ஏன் என்பதையும் முறையியல் இயலில் எழுதினார்.

எழுதும்போது வரும் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ‘தரவிலிருந்து இரண்டு கருப்பொருள்கள் வெளிப்பட்டன’ என்று எழுதுவது. தாமாக எதுவும் வெளிப்படவில்லை; சீட்டுகளைக் கலைத்ததும், கூடைகளை உடைத்ததும், ஒன்றை விட்டதும் மாணவிதான். பிரௌனும் கிளார்க்கும்கூட 2006இல் மூன்றாம் கட்டத்தைக் கருப்பொருள்களைத் ‘தேடுதல்’ என்று அழைத்தவர்கள், பின்னாளில் ‘உருவாக்குதல்’ என்று மாற்றினார்கள். தேடுதல் என்றால் ஏற்கெனவே எங்கோ கிடப்பதை எடுப்பதுபோல ஆகிவிடும்.

மேற்கோளை வைத்துவிட்டு அதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்வது இன்னொன்று. மேலே கண்ட பத்தியைக் கொடுத்துவிட்டு, ‘இதன்மூலம் பராமரிப்பாளர் சோர்வுற்றிருப்பது தெரிகிறது’ என்று எழுதினால் வாசகர் ஏற்கெனவே படித்ததைத்தான் மறுபடி படிக்கிறார். மாணவியின் கடைசி வடிவம் இப்படி அமைந்தது: அண்டை வீட்டாரிடம் நோயை மூடிவைக்கப் பயன்பட்ட ‘முடியல’ என்ற சொல்லே, அதே பேச்சில் பேசுபவரின் சொந்த நிலையைச் சொல்லவும் வேண்டியதாகிறது, மறைப்பதற்கென்று தேர்ந்த மொழியைத் தவிர, தன் சோர்வைச் சொல்ல அவரிடம் வேறு மொழி மிஞ்சவில்லை. இது பகுப்பாய்வு. மேற்கோள் இல்லாமல் இது நிற்காது. மேற்கோளைப் படித்தால் மட்டும் இது தெரிந்துவிடாது.

மேற்கோளில் அடையாளம் மறைப்பதும் இந்த ஆய்வில் பெயரை மாற்றுவதோடு முடியவில்லை. டீக்கடை இருக்கும் தெரு, கணவரின் வேலை, வரன் பார்க்கும் பெண்ணின் வயது எல்லாவற்றையும் மாணவி நீக்கினார். நோயை ஊருக்கு மறைத்த ஏழு குடும்பங்களை ஆய்வேடு காட்டிக்கொடுத்துவிடக் கூடாது.

வைவாவில் இரண்டு கேள்விகள் அநேகமாக வரும். முதலாவது: ‘வேறொருவர் குறியிட்டு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா, கப்பா மதிப்பு எவ்வளவு?’ ரிச்சர்ட் போயாட்ஸிஸ் 1998இல் எழுதிய நூலின் வழியில், முன்கூட்டியே குறியீட்டுப் பட்டியல் செய்து இருவர் குறியிடும் ஆய்வானால் அந்தக் கேள்வி நியாயமானது. அங்கே குறியீடு ஓர் அளவுகோல். இருவர் அளந்தால் ஒத்துப்போக வேண்டும். மாணவி செய்தது தற்சிந்தனை முறை; இதில் குறியீடு ஒருவரின் வாசிப்பு, அது வளர்ந்து மாறுகிறது. இரண்டு முறைகளையும் ஒரே இயலில் கலந்து, ஒரு பக்கம் தற்சிந்தனை என்றும் மறுபக்கம் கப்பா 0.8 என்றும் எழுதினால் இரண்டில் எதையுமே புரிந்துகொள்ளவில்லை என்று பொருளாகிவிடும்.

இரண்டாவது: ‘8 பேர் போதுமா?’ இதற்குப் பலர் 2006இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் வெளியிட்ட ஆய்வைக் காட்டி, 12 நேர்காணலில் நிறைவு வந்துவிடும் என்பார்கள். அந்த 12, கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் ஒரே மாதிரியான கேள்விகள் கேட்டுக் கிடைத்த தரவைப் பற்றியது. எல்லா ஆய்வுக்குமான எண் அல்ல. மாணவி தன் பதிலாகத் தன் பிற்சேர்க்கையை எடுத்து வைத்தார். அதில் முதல் நாள் எழுதிய ஐந்து ஒற்றைச் சொற்கள், அவை இரண்டாம் சுற்றில் எப்படி மாறின, கலைத்த நான்கு கூடைகள், எட்டாவது பெண்ணால் திருத்திய வரையறை, கைவிட்ட ‘கடவுள் விட்ட வழி’ எல்லாம் தேதியோடு இருந்தன. மூன்றாவது நேர்காணலின் பக்கத்தை அவர் அடித்துத் திருத்தாமல் அப்படியே சேர்த்திருந்தார், நடுவில் அந்த வரி வெள்ளையாக இருக்கும்படி.